முதல் தவணைக்கு முன்பே ஓடத் தொடங்கும் வட்டி

புதிதாகக் கடன் வாங்குபவர்கள் வட்டி எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம் என்ற மூன்றையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படியிருந்தும், பணம் வந்த அன்று பேசிய தொகையில் சில ஆயிரம் குறைந்திருக்கும். அல்லது முதல் தவணைக்கு ஒரு மாதம் முன்னதாகவே வங்கிக் கணக்கிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டிருக்கும். காரைக்குடியில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவது என் தொழில். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இந்தத் தொகையைக் குறித்த தாளோடு என்னிடம் வருகிறார். அது பெரும்பாலும் இடைக்கால வட்டியாக இருக்கும். கடன் கொடுக்கும் இடங்களில் இதைப் ‘புரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்’ என்றும், சில இடங்களில் ‘பிரீ இஎம்ஐ’ என்றும் சொல்வார்கள்.

இது எப்படி உண்டாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதத் தவணை என்பது ஒரு முழு மாத வட்டியையும் அசலில் ஒரு பகுதியையும் சேர்த்துக் கணக்கிட்ட தொகை. கடன் நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு தேதி வைக்காமல், மாதம் 5, 10 என்பது போல ஓரிரு தேதிகளைத்தான் தவணை நாளாக வைத்திருக்கின்றன. பணமோ மாதத்தின் எந்த நாளிலும் வெளியே போகலாம். ஜூன் 14 அன்று பணம் கொடுத்து, தவணை நாள் 5 என்று வைத்தால், முழு மாதக் கணக்கு ஜூலை 5-இல்தான் தொடங்கும்; அந்த முதல் முழு மாதத்துக்கான தவணை ஆகஸ்டு 5-இல் வரும். ஜூன் 14 முதல் ஜூலை 5 வரை பணம் நம்மிடம் இருக்கிறது, ஆனால் அந்த நாள்களுக்கான வட்டி எந்தத் தவணையிலும் அடங்கவில்லை. அதைத் தனியாக வாங்குகிறார்கள்.

ஆகவே இந்த வட்டி தன்னளவில் நியாயமானதுதான். கொடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும் என்பதைச் செட்டிநாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேரேட்டில் பற்று எழுதிய நாளிலிருந்து வட்டி கணக்குப் பார்த்த குடும்பங்கள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. “இந்த வட்டியை ஏன் வாங்குகிறீர்கள்?” என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. எந்த நாளிலிருந்து எண்ணினார்கள், எத்தனை நாள் எண்ணினார்கள், அந்தத் தொகையை எங்கே சேர்த்தார்கள் என்பவையே பார்க்க வேண்டியவை. தவறு நடந்தால் இந்த இடங்களில்தான் நடக்கிறது.

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞர், கற்களை ஏற்றி இறக்க ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்கினார். கடன் 6,00,000 ரூபாய், ஆண்டு வட்டி 12 சதவீதம், 60 மாதம், தவணை 13,347 ரூபாய். தவணை நாள் ஒவ்வொரு மாதமும் 5. அவருக்குக் கடன் வாங்குவது இதுவே முதல் முறை. வண்டி எடுக்கப் போன அன்று டீலர், கடன் நிறுவனத்திலிருந்து 5,87,988 ரூபாய்க்குத்தான் காசோலை வந்திருக்கிறது, மீதி 12,012 ரூபாயைக் கட்டினால்தான் சாவி தர முடியும் என்று சொல்லிவிட்டார். அவர் தன் பங்கு முன்தொகையை ஏற்கெனவே கட்டி முடித்திருந்தார். அந்த இடத்திலிருந்தே என்னை அழைத்து, “அண்ணே, ஆறு லட்சம்னு எழுதிக் கொடுத்துட்டு பன்னிரண்டாயிரத்தைப் பிடிச்சுட்டாங்க, இது என்ன கணக்கு?” என்று கேட்டார். காசோலையோடு வந்த பட்டுவாடாத் தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

தாளில் இரண்டு கழிவுகள் இருந்தன. ஒன்று, செயல்பாட்டுக் கட்டணம் ஒரு சதவீதம் 6,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080 ரூபாயும் சேர்ந்து 7,080. மற்றொன்று இடைக்கால வட்டி 4,932. இவ்விரண்டும் கூடி 12,012 ஆகிறது. இங்கே ஒரு சிறு அடையாளத்தைக் குறித்துக்கொள்ளலாம்: கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வட்டி என்று எழுதிய வரியின் கீழே ஜிஎஸ்டி சேர்த்திருந்தால், அது வட்டி அன்று, வேறு ஏதோ கட்டணத்துக்கு அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அது என்ன கட்டணம் என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

அடுத்து, 4,932 எப்படி வந்தது என்று பார்த்தோம். இதற்குக் காகிதமும் பேனாவும் போதும். ஆறு லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 72,000 ரூபாய். அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 197 ரூபாய் 26 காசு. பிடித்த 4,932 ரூபாயை இந்த ஒரு நாள் வட்டியால் வகுத்தால் 25 வருகிறது. அதாவது, அவர்கள் 25 நாளுக்கு வாங்கியிருக்கிறார்கள். ஜூலை 5-இலிருந்து பின்னோக்கி 25 நாள் எண்ணினால் ஜூன் 10. காசோலையில் இருந்த தேதியும் ஜூன் 10. ஆனால் அந்தக் காசோலை டீலர் கைக்கு வந்தது ஜூன் 14. டீலர் கொடுத்த ரசீதில் அந்தத் தேதி தெளிவாக இருந்தது. நடுவில் இருந்த நான்கு நாளும் காசோலை கடன் நிறுவனத்தின் மேசையில்தான் கிடந்திருக்கிறது.

யாராக இருந்தாலும் இப்படிப் பின்னோக்கி வகுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அவர்கள் சொல்லும் நாள்களை வைத்துப் பெருக்கினால் அவர்கள் சொன்ன தொகைதான் வரும். பிடித்த தொகையை ஒரு நாள் வட்டியால் வகுத்தால்தான் எந்த நாளிலிருந்து எண்ணினார்கள் என்பது வெளியே வரும். எண்ணும்போது பணம் கொடுத்த நாளையும் தவணைக் கணக்குத் தொடங்கும் நாளையும் இரண்டையுமே சேர்க்கக் கூடாது, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜூன் 14 முதல் 30 வரை 16 நாள், ஜூலையில் 5 நாள், மொத்தம் 21. அந்த 21 நாளுக்கு உரிய வட்டி 4,142 ரூபாய். வகுத்து வரும் எண் முழு எண்ணாக இல்லாமல் 30.4 என்பது போல வந்தால், நாள் கணக்கே பார்க்காமல் ஒரு முழு மாத வட்டியைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். நம் எடுத்துக்காட்டில் முழு மாத வட்டி என்பது சரியாக 6,000 ரூபாய். 6,000 என்று நேரான எண் இடைக்கால வட்டி வரியில் தென்பட்டால் கட்டாயம் கேள்வி கேட்க வேண்டும்.

இந்த இரண்டு வழக்கங்களையும் இந்திய ரிசர்வ் வங்கி பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. 2024 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில், கடன் அனுமதித்த நாளிலிருந்தோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்தோ வட்டி போடுவது, காசோலை பல நாள் கழித்துக் கொடுக்கப்பட்டிருக்கக் காசோலையின் தேதியிலிருந்தே வட்டி போடுவது, மாதத்தின் நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி வாங்குவது ஆகியவை தன் ஆய்வில் தெரியவந்ததாகச் சொல்லி, இவை வாடிக்கையாளரிடம் நியாயமாக நடந்துகொள்ளும் முறைக்கு ஒவ்வாதவை என்று குறிப்பிட்டது. ஓரிரு தவணைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அதைக் கழிக்காமல் முழுக் கடனுக்கும் வட்டி போடுவதையும் அதே அறிக்கை சுட்டிக்காட்டுகிறது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரும்படி கண்காணிப்பு அதிகாரிகள் அறிவுறுத்தியதாகவும், சில இடங்களில் காசோலைக்குப் பதிலாக நேரடிப் பணமாற்றத்தை ஊக்குவித்ததாகவும் அதில் இருக்கிறது. வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள், வீட்டுக் கடன் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு இது பொருந்தும். தனியாரிடம் கைமாற்றாகவோ அடகுக் கடையிலோ வாங்கும் கடனுக்குப் பொருந்தாது.

அந்த இளைஞர் சண்டை எதுவும் போடவில்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதி, டீலர் ரசீதின் நகலையும் பட்டுவாடாத் தாளின் நகலையும் இணைத்து, “காசோலை ஜூன் 14-இல் கொடுக்கப்பட்டது, ஜூன் 10 முதல் 14 வரையிலான நான்கு நாள் வட்டி 789 ரூபாயைத் திருப்பி வரவு வைக்க வேண்டும்” என்று கேட்டு, கிளை மேலாளரிடம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். சுற்றறிக்கையின் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தோம். அடுத்த மாதத்துக்குள் பணம் அவர் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிட்டது. 789 ரூபாய் பெரிய தொகை அன்று; ஆனால் கடன் தொகை பெரிதாகப் பெரிதாக இந்த நான்கு நாளின் மதிப்பும் அதே விகிதத்தில் பெருகும். புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். அதற்கு முத்திரை வாங்கிய அந்த நகல் தேவைப்படும்.

இனி, இந்த வட்டியை எங்கே சேர்க்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். மேலே சொன்னவருக்குப் பட்டுவாடாவிலேயே கழித்துவிட்டார்கள். இதில் உள்ள சிரமம், விற்பவருக்குப் போகும் பணம் குறைந்துவிடுவதுதான். வண்டியோ எந்திரமோ வாங்குபவர்கள் முன்தொகையோடு இதற்கும் சேர்த்துக் கையில் பணம் வைத்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் கழிக்காமல், முதல் தவணையோடு சேர்த்து வாங்குகின்றன. அப்படியானால் முதல் தவணை மட்டும் 13,347-க்குப் பதிலாக 17,489 ஆக வரும்.

மூன்றாவது வழிதான் புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கிறது. கணக்கு தொடங்கும் நாளான ஜூலை 5-இலேயே இடைக்கால வட்டியை மட்டும் தனியாக வங்கிக் கணக்கிலிருந்து எடுப்பார்கள். தேவகோட்டையில் பலசரக்குக் கடை நடத்தும் ஓர் ஆச்சி, முதல் தவணை ஆகஸ்டில்தான் என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஜூலை முதல் வாரத்தில் கணக்கிலிருந்த பணத்தை முழுவதும் எடுத்துச் சரக்கு போட்டார். ஜூலை 5-இல் கடன் நிறுவனம் சுமார் நாலாயிரம் ரூபாய்க்கு அனுப்பிய கோரிக்கை பணமில்லாமல் திரும்பியது. அதற்குக் கடன் நிறுவனம் ஒரு கட்டணம், அவருடைய வங்கி ஒரு கட்டணம். “தம்பி, தவணையே வரலை, அதுக்குள்ள எப்படி பவுன்ஸ் ஆகும்?” என்று அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. தானியங்கிப் பற்றுக்காக நாம் கையெழுத்திடும் படிவத்தில் உச்சத் தொகை பெரும்பாலும் தவணையைவிடக் கூடுதலாகவே எழுதப்பட்டிருக்கும்; ஆகவே தவணை அல்லாத தொகையையும் அதே அனுமதியின் பேரில் கேட்க முடியும். முதல் தவணை எப்போது என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அதற்கு முன் என் கணக்கிலிருந்து எந்தத் தேதியில், எவ்வளவு எடுப்பீர்கள்?” என்றும் கேட்டு, பதிலைக் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவது வழி, இடைக்கால வட்டியை அசலோடு சேர்த்துவிடுவது. கையிலிருந்து உடனே எதுவும் போகாததால் இது இலகுவாகத் தோன்றும். ஆனால் 4,142 ரூபாயை அசலில் சேர்த்தால் தவணை மாதத்துக்குச் சுமார் 92 ரூபாய் கூடும். 60 மாதத்தில் அது 5,528 ரூபாய் ஆகிறது. வட்டிக்கு வட்டியாக ஏறத்தாழ 1,386 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறோம். நான்கில் எதைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தாலும் இதை மட்டும் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

எந்த வழியில் வாங்கினாலும் இரண்டு முறை வாங்கவில்லை என்பதை உறுதிசெய்ய, திருப்பிச் செலுத்தும் அட்டவணையின் முதல் வரியைப் பார்க்க வேண்டும். இடைக்கால வட்டி முன்பே கழிக்கப்பட்டிருந்தால், முதல் வரியில் வட்டி 6,000, அசல் 7,347, மீதி 5,92,653 என்று இருக்க வேண்டும். நாள் கணக்குப் பார்க்கும் நிறுவனமாக இருந்தால் ஜூலை 5 முதல் ஆகஸ்டு 5 வரை 31 நாள் என்று கொண்டு வட்டியை 6,115 என்று போடுவார்கள். அந்த நூற்றுப் பதினைந்து ரூபாய் வேறுபாடு தவறு அன்று. ஆனால் முதல் வரியின் வட்டி பத்தாயிரத்தைத் தொட்டால், பணம் கொடுத்த நாளிலிருந்து ஆகஸ்டு 5 வரை 52 நாளுக்கும் அங்கே வட்டி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பட்டுவாடாவில் ஏற்கெனவே கழித்திருந்தால், முதல் 21 நாளுக்கு இரண்டாம் முறையும் வாங்குகிறார்கள். இதற்கு மறுபுறமும் உண்டு: பணம் ஜூன் 14-இல் கொடுத்து முதல் தவணையை ஜூலை 5-இலேயே வைத்தால், இடைக்கால வட்டி தனியாக இருக்கக் கூடாது, அந்த முதல் வரியில் வட்டி 21 நாளுக்கு 4,142 மட்டும் இருந்து, மீதி முழுவதும் அசலுக்குப் போக வேண்டும்.

இந்த அட்டவணையைக் கடன் வாங்கிய பிறகு தேடி அலைய வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் தவணைக் கடன்களுக்கும், கையெழுத்துக்கு முன்பே கேஎஃப்எஸ் என்னும் முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்டு வாங்கலாம். கட்டணங்கள், அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டுச் செலவு விகிதம், அட்டவணை ஆகியவை அதில் இருக்கும். அதில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் கடன் காலத்தில் நம் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வாங்கக் கூடாது. ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடன்களுக்கு, தாளில் உள்ளதை ஏற்பதா என்று முடிவு செய்யக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த நாள்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: ஒரு நாள் வட்டியைக் கணக்கிட்டு ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பணம் எந்த நாளில் வெளியே போகும், தவணை நாள் எது என்று கேட்டு, இடைக்கால வட்டி எவ்வளவு வரும் என்பதை நாமே முன்கூட்டிப் போட்டுப் பார்ப்பது.

தவணை நாளுக்கு நெருக்கமாகப் பணம் வாங்கினால் இந்த வட்டியை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜூன் 4-இல் பணம் வாங்கினால், ஜூன் 5-இல் கணக்கு தொடங்கி ஜூலை 5-இல் முதல் தவணை வரும்; இடைக்கால வட்டி ஒரு நாளுக்கு 197 ரூபாய் மட்டும். ஜூன் 6-இல் வாங்கினால் கணக்கு ஜூலை 5-இல் தொடங்கும். இடைக்கால வட்டி 29 நாளுக்கு 5,721 ரூபாய். இரண்டு நாள் வேறுபாட்டில் ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம் என்று தோன்றுகிறது. ஆனால் முதலாமவர் அந்த ஜூன் மாத வட்டியை ஜூலை 5-ஆம் தேதித் தவணைக்குள் கட்டுகிறார், இரண்டாமவர் தனியாகக் கட்டுகிறார், அவ்வளவுதான். முதலாமவரின் கடன் ஒரு மாதம் முன்பாகவே முடியும். பணம் கையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் இருவருமே வட்டி கொடுக்கிறார்கள்.

உண்மையான மிச்சம், தேவைப்படும் நாளுக்கு முன்பு பணத்தை வெளியே வர விடாமல் இருப்பதில்தான் இருக்கிறது. வண்டிக் கடனில் கடன் நிறுவனம் முதலில் டீலருக்கு ஒரு டெலிவரி ஆர்டர் கொடுக்கும். பெரும்பாலான டீலர்கள் அதை வைத்தே பதிவு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பதிவு முடியும் தேதியைக் கேட்டு, அதற்கு ஒட்டிப் பணத்தை விடுவிக்கச் சொல்லிக் கடன் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். பணம் முன்பே போய், வண்டி பத்து நாள் கழித்து வந்தால், ஓடாத வண்டிக்கு நம் இளைஞர் கணக்கில் 1,973 ரூபாய் வட்டி. பழைய வீட்டைப் புதுப்பிக்கவோ புது வீடு கட்டவோ வாங்கும் கடனில் இது இன்னும் பெரிது. அங்கே வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகப் பணம் வரும், முழுப் பணமும் வந்து தவணை தொடங்கும்வரை வந்த தொகைக்கு மட்டும் மாதா மாதம் வட்டி கட்டுவது வழக்கம். கொத்தனாரும் தச்சரும் எந்த மாதம் எவ்வளவு கேட்பார்கள் என்று பார்த்து அதற்கேற்பப் பகுதிகளைக் கேட்க வேண்டும்.

கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழிலுக்குக் கடன் வாங்கியவர்களில் பலருக்கு இது விடுபட்டுப் போகிறது. பட்டுவாடாவில் கழித்த இடைக்கால வட்டி அட்டவணையில் எங்கும் இருக்காது; அட்டவணையை மட்டும் பார்த்து வட்டிச் செலவை எழுதினால் அந்தத் தொகை கணக்கிலேயே ஏறாது. காசோலை 5,87,988-க்குத்தான் வந்தது என்பதற்காகக் கடனையும் அந்தத் தொகைக்கே எழுதினால், ஆண்டு முடிவில் கடன் நிறுவனத்தின் அறிக்கையோடு நம் பேரேடு ஒத்துப்போகாது. கடனை 6,00,000 என்றே வரவு எழுதி, செயல்பாட்டுக் கட்டணத்தையும் வட்டியையும் தனித்தனியே பற்று எழுத வேண்டும். வட்டியிலும், வண்டி முதன்முதலில் தொழிலுக்கு ஓடிய நாள்வரை உள்ள பகுதி வருமான வரிக் கணக்கில் வண்டியின் விலையோடு சேரும். அந்த நாளுக்குப் பின்னுள்ளதுதான் அந்த ஆண்டின் செலவு. ஆகவே பட்டுவாடாத் தாளையும், டீலர் ரசீதையும், வண்டி முதல் பாரம் ஏற்றிய நாளின் பில்லையும் ஒரே உறையில் போட்டு ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கணக்கரிடம் கொடுத்துவிடுங்கள்.